230 பாயின்ட் மீதம், வெலாசிட்டி 25: பத்து ஸ்பிரிண்டில் முடியும் என்று எழுதிக் கொடுக்கலாமா?

தறிநாடா · 23 பிப்ரவரி 2025, காலை 10.40

வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்காக, கிடங்கில் சரக்கு வரவு, பார்கோடு வாசிப்பு, இருப்புக் கணக்கு ஆகியவற்றைப் பார்க்கும் செயலியைச் சென்னையிலிருந்து ஆறு பேராகச் செய்துவருகிறோம். ஸ்பிரிண்ட் ஒவ்வொன்றும் இரண்டு வாரம். நவம்பர் 4 அன்று தொடங்கினோம். வெள்ளிக்கிழமையோடு எட்டு ஸ்பிரிண்ட் முடிந்தது. முடித்த ஸ்டோரி பாயின்ட்கள் வரிசையாக 21, 34, 18, 27, 30, 16, 29, 25. கூட்டினால் 200, சராசரி 25. பேக்லாக்கில் இப்போது 230 பாயின்ட் மீதம் உள்ளது. 230ஐ 25ஆல் வகுத்தால் 9.2, எனவே பத்து ஸ்பிரிண்ட், அதாவது ஜூலை 11.

இந்தத் தேதியை நாளை எழுத்தில் கேட்கிறார்கள். எண்கள் 16க்கும் 34க்கும் இடையே தாவுவதுதான் எனக்கு அச்சமாக இருக்கிறது. இவ்வளவு ஏற்ற இறக்கம் உள்ள அணிக்குச் சராசரியை நம்பலாமா? தொடங்கும்போது 374 பாயின்ட் இருந்தது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

கோப்புக்கட்டு · 23 பிப்ரவரி, காலை 11.15

எட்டு ஸ்பிரிண்டின் சராசரியை எடுப்பதே தவறு. அணி இன்றைக்கு எப்படி இருக்கிறதோ அதுதான் நாளைக்கும் இருக்கும் என்பதால் கடைசி மூன்றை மட்டும் எடுக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளாக நான் அப்படித்தான் செய்கிறேன், தேதி தவறியதில்லை.

தறிநாடா · 23 பிப்ரவரி, காலை 11.32

கடைசி மூன்று 16, 29, 25. சராசரி 23.3. அதற்கும் பத்து ஸ்பிரிண்ட் என்றே விடை வருகிறது. தேதி தவறியதே இல்லை என்ற இடத்தைத் திரும்பப் படித்துப் பார்த்தேன்; பொறாமையாக இருக்கிறது.

புதுவரவு · 23 பிப்ரவரி, பகல் 12.05

ஒரு பாயின்ட் என்பது எத்தனை மணி நேரம் என்று சொல்லாமல் இதற்கு எப்படி விடை சொல்ல முடியும்? எங்கள் அலுவலகத்தில் ஒரு பாயின்ட் என்றால் எட்டு மணி நேரம் என்று சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

தறிநாடா · 23 பிப்ரவரி, பகல் 12.40

நான் கேட்டது அதுவன்று, ஆனாலும் சொல்கிறேன். நாங்கள் ஐந்து பாயின்ட் என்று மதிப்பிட்ட ஸ்டோரிகளில் ஒன்று இரண்டு நாளில் முடிந்தது. லேபிள் அச்சு இயந்திரத்தோடு பேச வேண்டிய மற்றொன்று ஒன்பது நாள் இழுத்தது. ஐந்து என்று நாங்கள் சொன்னது, முன்பு செய்த ஓர் ஐந்தோடு ஒப்பிட்டால் இதுவும் அந்த அளவுதான் என்ற பொருளில் மட்டுமே. தனித்தனி ஸ்டோரியை எடுத்தால் அந்த ஒப்பீடு பொய்த்துப் போகிறது, ஐம்பது ஸ்டோரிகளைக் கூட்டினால் ஓரளவு மெய்யாகிறது.

ஆற்றுமணல் · 23 பிப்ரவரி, மாலை 6.20

தறிநாடா அவர்களே, நீங்கள் அஞ்ச வேண்டிய இடம் வேறு. போகிற போக்கில் 374 என்று எழுதினீர்களே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். 374ஐ 25ஆல் வகுத்தால் பதினைந்து ஸ்பிரிண்ட். எட்டு முடிந்துவிட்டது, எனவே ஏழு மீதம் இருக்க வேண்டும். நீங்கள் பத்து என்கிறீர்கள். அணி சராசரியாக 25 முடித்துக்கொண்டே வந்தும் மூன்று ஸ்பிரிண்ட் எங்கிருந்து முளைத்தன?

374இல் 200 போனால் 174. உங்களிடம் இருப்பது 230. எட்டு ஸ்பிரிண்டில் 56 பாயின்ட் உள்ளே வந்திருக்கிறது, அதாவது ஸ்பிரிண்டுக்கு ஏழு. 25 இறைத்தால் 7 ஊறுகிற கிணறு இது. நாளை முதல் ஊற்று அடைந்துவிடும் என்று நீங்கள் கருதுவதற்குக் காரணம் ஏதேனும் இருந்தால் பத்து என்று சொல்லுங்கள். இல்லையென்றால் 230ஐ 18ஆல் வகுத்துப் பாருங்கள்.

தறிநாடா · 23 பிப்ரவரி, இரவு 7.05

12.8. பதின்மூன்று ஸ்பிரிண்ட், ஆகஸ்ட் 22.

தேநீர் ஆறிப்போனது.

தறிநாடா · 23 பிப்ரவரி, இரவு 10.50

வெள்ளிக்கிழமைதோறும் நான் அனுப்பிய மின்னஞ்சல்களைத் தோண்டி எடுத்தேன். நல்லவேளையாக ஒவ்வொன்றிலும் மீதமுள்ள மொத்தத்தைக் குறித்திருக்கிறேன். 374இல் தொடங்கி 353, 331, 318, 299, 272, 270, 247, 230. இந்த வரிசையில் அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தை எடுத்தால் 21, 22, 13, 19, 27, 2, 23, 17. பேக்லாக் உண்மையில் குறைந்த அளவு இதுதான், சராசரி 18. எட்டு மின்னஞ்சலையும் எழுதியவன் நான். வெலாசிட்டியை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். மீதமுள்ள மொத்தத்தை அதன் கீழே சாதாரண எழுத்தில் எழுதிவிட்டு ஒரு தடவையும் கழித்துப் பார்க்கவில்லை.

ஆறாவது ஸ்பிரிண்டைப் பாருங்கள். 16 பாயின்ட் முடித்தோம், 14 உள்ளே வந்தது, இரண்டு வார உழைப்புக்கு இரண்டு பாயின்ட் குறைந்தது. அது ஜனவரி 13 முதல் 24 வரை. பொங்கல் விடுமுறை அதில்தான் வந்தது. அதற்கு முந்தைய ஸ்பிரிண்டில் 27 குறைந்ததற்கும் எங்கள் திறமை காரணமில்லை. புத்தாண்டையொட்டி வாடிக்கையாளர் தரப்பில் எல்லோரும் விடுப்பில் இருந்ததால் கேட்க ஆளில்லாமல் மூன்று பாயின்ட் மட்டுமே வந்து சேர்ந்தது.

கோப்புக்கட்டு · 24 பிப்ரவரி, காலை 8.10

பொங்கல் ஸ்பிரிண்டை நீக்கிவிட்டுக் கணக்கிட வேண்டும். அது விதிவிலக்கு. மீதி ஏழின் சராசரி 20க்கு மேல் வருமே.

தறிநாடா · 24 பிப்ரவரி, காலை 8.45

20.3 வருகிறது, 230ஐ அதனால் வகுத்தால் பன்னிரண்டு ஸ்பிரிண்ட். நேற்று இரவு படுக்கப்போகும் முன் இதே சபலம் எனக்கும் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாட்காட்டியைப் பார்த்ததும் கைவிட்டேன். பன்னிரண்டாவது ஸ்பிரிண்ட் ஏப்ரல் 7 முதல் 18 வரை. தமிழ்ப் புத்தாண்டும் புனித வெள்ளியும் அதற்குள் இருக்கின்றன. பொங்கல் ஒருமுறைதான் வரும், ஆனால் பொங்கலைப் போன்ற ஏதோ ஒன்று எட்டு ஸ்பிரிண்டுக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கும். மோசமானதை விதிவிலக்கு என்று நீக்கினால், வாடிக்கையாளர் உறங்கிக்கொண்டிருந்த புத்தாண்டு ஸ்பிரிண்டையும் நீக்குவதுதான் நேர்மை. அதை நீக்க யாருக்கும் மனம் வருவதில்லை.

இரவுப்பணி · 24 பிப்ரவரி, காலை 9.30

நான் சோதனைப் பிரிவில் இருப்பவன். எங்கள் அணியின் கதை வேறு. நாங்கள் கண்டுபிடிக்கும் பிழைகளுக்கும் பாயின்ட் கொடுக்கலாம் என்று முடிவு செய்தார்கள். அடுத்த இரண்டு மாதத்தில் வெலாசிட்டி ஏறிக்கொண்டே போனது; வெளியீட்டுத் தேதியும் தள்ளிக்கொண்டே போனது. பிழை செய்யச் செய்யப் பாயின்ட் வந்தால் ஏறாமல் என்ன செய்யும்? கேட்டதற்கு நான் அணி மனப்பான்மை இல்லாதவன் என்றார்கள்.

ஆற்றுமணல் · 24 பிப்ரவரி, காலை 10.00

இரவுப்பணி அவர்களே, பிழைக்குப் பாயின்ட் கொடுத்தது குற்றமில்லை. கொடுத்த பாயின்ட்டை முடித்த கணக்கில் மட்டும் சேர்த்துவிட்டு, வந்த கணக்கில் சேர்க்காததுதான் குற்றம். மூன்று பாயின்ட் பிழை ஒன்று வந்து, அதை முடித்தால், மீதமுள்ள மொத்தம் அசையாது. தறிநாடா வெள்ளிக்கிழமை மொத்தங்களைக் கழித்தது போல உங்கள் அணியும் கழித்திருந்தால் முதல் மாதத்திலேயே தெரிந்திருக்கும்.

தறிநாடா · 24 பிப்ரவரி, மாலை 5.20

எழுத்தில் கேட்டவர்களிடம் ஒரு வாரம் தவணை வாங்கியிருக்கிறேன்.

நான் முதலில் கேட்ட கேள்விக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அதற்கு இன்னும் விடை வரவில்லை. 16க்கும் 34க்கும் இடையிலான தாவல் எவ்வளவு ஆபத்தானது? இன்று மதியம் சிறு நிரல் ஒன்றை எழுதினேன். பழைய எட்டு வித்தியாசங்களில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுத்து மீதத்தில் கழிப்பது, பூஜ்யமாகும்வரை திரும்பத் திரும்பச் செய்வது, எத்தனை தடவை ஆனது என்று குறித்துக்கொள்வது. இதைப் பத்தாயிரம் முறை ஓட்டி வரிசைப்படுத்தினேன்.

```python
import random
net = [21, 22, 13, 19, 27, 2, 23, 17]

def run(left=230):
    n = 0
    while left > 0:
        left -= random.choice(net)
        n += 1
    return n

r = sorted(run() for _ in range(10000))
print(r[5000], r[8500])
```

விடை 13, 15. பன்னிரண்டு ஸ்பிரிண்டுக்குள் முடிந்தது 100 முறையில் ஏறத்தாழ 30 முறை, பதின்மூன்றுக்குள் 60ஐ ஒட்டி, பதினான்குக்குள் 80ஐ ஒட்டி, பதினைந்துக்குள் 92. ஜூலை 11க்கு உரிய பத்து ஸ்பிரிண்டில் முடிவது அரிதிலும் அரிது.

பிறகு ஆர்வத்தில் இன்னொன்று செய்தேன். புதிதாக எதுவும் வராது என்று வைத்துக்கொண்டு, `net` இருக்கும் இடத்தில் பழைய வெலாசிட்டி எண்களையே போட்டு ஓட்டினேன். ஒன்பதுக்குள் முடிவது 100இல் 40, பத்துக்குள் 87, பதினொன்றுக்குள் ஏறத்தாழ எல்லாமே. நான் அஞ்சிய தாவல் ஒரு ஸ்பிரிண்ட் அளவுக்குத்தான் விடையை அசைக்கிறது. பத்து ஸ்பிரிண்டைக் கூட்டும்போது நல்லதும் கெட்டதும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு விடுகின்றன. வந்து சேர்கிற வேலையோ ஒரே திசையில் மட்டும் தள்ளுவதால் தன்னைத்தானே கழித்துக்கொள்வதில்லை.

தறிநாடா · 24 பிப்ரவரி, மாலை 5.55

இன்னொரு திருத்தம். 34 முடித்த இரண்டாவது ஸ்பிரிண்டைப் பற்றி அணியில் இன்றும் பெருமையாகப் பேசுகிறோம். பழைய பலகையைப் பார்த்தேன். முதல் ஸ்பிரிண்டில் 13 பாயின்ட் ஸ்டோரி ஒன்று ஏறக்குறைய முடிந்து, வாடிக்கையாளர் ஒப்புதலுக்காக நின்றிருந்தது. அதற்கு அப்போது பூஜ்யம் போட்டு, அடுத்த ஸ்பிரிண்டின் மூன்றாம் நாளில் 13ஐயும் மொத்தமாக எடுத்துக்கொண்டோம். 21, 34 என்ற இரண்டும் உண்மையில் 34, 21 என்றும் இருந்திருக்கலாம். அந்த ஸ்பிரிண்டுக்காக அணிக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தவன் நான்.

புதுவரவு · 24 பிப்ரவரி, இரவு 9.15

அப்படியானால் பாதி முடிந்த ஸ்டோரிக்குப் பாதிப் பாயின்ட் கொடுத்தால் கணக்கு சீராகிவிடாதா?

தறிநாடா · 24 பிப்ரவரி, இரவு 9.40

செய்து பார்த்திருக்கிறேன், இதற்கு முந்தைய திட்டத்தில். எல்லா ஸ்டோரியும் தொண்ணூறு விழுக்காட்டை அடைந்து அங்கேயே குடியேறிவிட்டது. நீண்ட கணக்கில் பூஜ்யமும் 13ம் தாமாகவே சரிக்கட்டிக்கொள்ளும். கடைசி ஒரு ஸ்பிரிண்டைப் பார்த்து மட்டும் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

ஆற்றுமணல் · 25 பிப்ரவரி, காலை 7.30

உள்ளே வந்த 56ஐ இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். வாடிக்கையாளர் புதிதாகக் கேட்டது எவ்வளவு, நீங்களே பெரிய எபிக்கைச் சிறு ஸ்டோரிகளாக உடைத்தபோது ஊதியது எவ்வளவு? இரண்டுக்கும் மருந்து வேறு.

தறிநாடா · 25 பிப்ரவரி, இரவு 8.25

வாடிக்கையாளர் கேட்டது 31. மீதி 25 எங்கள் கைங்கரியம். கிடங்குகளுக்கிடையே சரக்கு மாற்றுவது என்ற எபிக்குக்கு நவம்பரில் 20 என்று போட்டோம். உடைத்தபோது ஐந்து ஸ்டோரிகளாகி 33 ஆனது. திருப்பி அனுப்பிய சரக்கு என்ற 13, நான்காக உடைந்து 25 ஆனது. எதுவும் புதிய கோரிக்கையில்லை. பாதி வழியில் தொலைந்த பெட்டியை என்ன செய்வது என்பது போன்ற, முன்பே நினைத்திருக்க வேண்டிய வேலை.

இதற்குள் இன்னொரு வலி. மீதமுள்ள 230இல் அறிக்கைத் தொகுதி என்ற 40 பாயின்ட் எபிக் உடைக்கப்படாமல் அப்படியே கிடக்கிறது. அதை மதிப்பிட்ட நாளில் பத்து நிமிடம்கூடப் பேசவில்லை. 40 என்று எழுதிய மதிப்பீட்டுச் சீட்டை எல்லோரும் ஒரே நேரத்தில் காட்டியதும் ஒருமித்த கருத்து என்று மகிழ்ந்தோம். எல்லோருக்கும் ஒன்றும் தெரியாது என்பதில் கருத்து ஒருமித்திருக்கிறது.

கோப்புக்கட்டு · 25 பிப்ரவரி, இரவு 9.00

இவ்வளவு சிக்கலுக்குப் பதிலாக ஸ்டோரிகளை எண்ணிவிட்டுப் போகலாமே. பாயின்ட் எதற்கு?

தறிநாடா · 26 பிப்ரவரி, காலை 7.50

விளையாட்டாகச் சொன்னீர்களோ என்னவோ, எண்ணிப் பார்த்தேன். எட்டு ஸ்பிரிண்டில் 56 ஸ்டோரி முடிந்திருக்கிறது, ஸ்பிரிண்டுக்கு ஏழு. மீதம் 64. வகுத்தால் 9.1, பத்து ஸ்பிரிண்ட். அதாவது நான் முதலில் போட்ட கணக்கும், அதிலிருந்த தவறும், பாயின்ட் இல்லாமலே அச்சுப் பிசகாமல் கிடைத்துவிட்டன. (இந்த 56ம் உள்ளே வந்த 56 பாயின்ட்டும் ஒன்றில்லை, தற்செயல். நானே நேற்று ஒரு நிமிடம் குழம்பினேன்.)

எட்டு ஸ்பிரிண்டாக ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் சீட்டுப் பிடித்து உட்கார்ந்ததை நினைத்தால் சற்றுக் கசக்கிறது.

ஆற்றுமணல் · 26 பிப்ரவரி, காலை 9.20

கசப்பில் பாதியைக் குறைத்துக்கொள்ளுங்கள். முடித்த ஸ்டோரிகளின் சராசரி அளவும் மீதமுள்ளவற்றின் சராசரி அளவும் ஏறத்தாழ ஒன்றாக, 3.6 பாயின்ட்டாக, இருப்பதால்தான் இரண்டு கணக்கும் ஒன்றாக வந்தன. சிறியதையெல்லாம் முதலில் பொறுக்கித் தின்றிருந்தால் எண்ணிக்கை ஏமாற்றியிருக்கும்.

இதன் வரலாறும் இங்கே பொருந்தும். கிறைஸ்லர் நிறுவனத்தின் சம்பளக் கணக்கு மென்பொருளை எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் முறையில் செய்தவர்களில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸ் சொல்வது இது. முதலில் அவர்கள் இடையூறில்லாத நாள் என்ற கணக்கில்தான் மதிப்பிட்டார்கள். இடையூறில்லாத ஒரு நாளுக்கு உண்மையில் மூன்று நாள் ஆகும் என்பது அவர்கள் அனுபவம். ஒரு நாள் வேலைக்கு ஏன் மூன்று நாள் என்று மேலே இருந்தவர்கள் ஓயாமல் கேட்டதால் நாள் என்ற சொல்லையே விட்டுவிட்டுப் பாயின்ட் என்றார்கள். ஸ்டோரி பாயின்ட்டை நான்தான் கண்டுபிடித்தேனோ என்னவோ, அப்படியானால் இப்போது வருந்துகிறேன் என்ற பொருளில் பின்னாளில் அவரே எழுதினார். 2020 ஸ்க்ரம் கையேட்டில் ஸ்டோரி பாயின்ட்டும் இல்லை, வெலாசிட்டியும் இல்லை.

ஆனாலும் சீட்டு விளையாட்டை நான் விடமாட்டேன். ஒருவர் மூன்றும் மற்றொருவர் பதின்மூன்றும் காட்டும்போது வருகிற அந்த ஐந்து நிமிடப் பேச்சுக்காக மட்டும் வைத்திருக்கிறேன். பேச்சு முடிந்ததும் எண்ணைத் தூக்கி எறிந்தாலும் எனக்கு நட்டமில்லை.

இரவுப்பணி · 26 பிப்ரவரி, காலை 9.45

எங்கள் அணியில் மேலாளர் முதலில் சீட்டைக் காட்டுவார். பிறகு எல்லோரும் அதே சீட்டைத் தேடுவோம்.

தறிநாடா · 3 மார்ச், இரவு 9.10

இன்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு தேதிகள்: பாதிக்குச் சற்று மேற்பட்ட வாய்ப்போடு ஆகஸ்ட் 22, ஓரளவு உறுதியோடு செப்டம்பர் 19. புதிய கோரிக்கைகளும் உடைப்பு வீக்கமும் இதுவரை வந்த வேகத்திலேயே வரும் என்பதைக் கீழே ஒரு வரியில் சேர்த்தேன். முதல் எதிர்வினை, இரண்டு தேதி எதற்கு, ஒன்று சொல்லுங்கள் என்பது. எங்கள் மேலாளர் உடனே ஆகஸ்ட் 22 என்றார். செப்டம்பர் 19 என்ற என் குரல் அதற்குப் பிறகுதான் எழுந்தது. கூட்டக் குறிப்பில் ஏறவில்லை.

கோப்புக்கட்டு · 4 மார்ச், காலை 8.00

அவர் செய்ததுதான் சரி. வாடிக்கையாளர் கப்பலையும் ஆட்களையும் ஏற்பாடு செய்ய வேண்டியவர். 100இல் 60 என்று சொன்னால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? வாய்ப்புக் கணக்கை அணிக்குள் வைத்துக்கொண்டு வெளியே ஒரு தேதியைச் சொல்ல வேண்டும்.

ஆற்றுமணல் · 4 மார்ச், காலை 8.35

ஒரு தேதி என்றால் பின்னதைச் சொல்ல வேண்டும். கப்பலை ஏற்பாடு செய்கிறவருக்கு நாணயத்தைச் சுண்டிப் போட்டு வரும் தேதியா வேண்டும்?

கோப்புக்கட்டு · 4 மார்ச், காலை 8.50

பின்னதைச் சொன்னால் ஒப்பந்தமே கிடைக்காது. இதில் நமக்குள் ஒத்துவராது, விட்டுவிடுவோம்.

தறிநாடா · 5 ஏப்ரல், காலை 11.20

ஒரு மாதமாக இந்தப் பக்கம் வரவில்லை. மூன்று ஸ்பிரிண்ட் முடிந்தது. ஒன்பதில் 26 முடித்து 9 உள்ளே வந்தது, மீதம் 213. பத்தில் 31 முடித்து 5 வந்தது, மீதம் 187. அந்த 31ஐப் பார்த்த மேலாளர், வெலாசிட்டி வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டுக் காபி இயந்திரத்துக்கு மேலே ஒட்டினார். 35ஐத் தொட வேண்டும் என்றும் சொன்னார்.

பதினொன்றில் 36 முடித்தோம். மீதம் 170.

187இல் 36 போனால் 151 வர வேண்டும். வரவில்லை. இம்முறை எங்கே தேட வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. வாடிக்கையாளர் கேட்டது வெறும் ஆறு பாயின்ட். மீதி 13, ஸ்பிரிண்ட் திட்டமிடும் நாளில் பழைய ஸ்டோரிகளை மறுபடி மதிப்பிட்டபோது ஏறியது: நவம்பரில் மூன்று என்றது ஐந்தானது, ஐந்து என்றது எட்டானது. யாரும் திட்டமிட்டு ஏமாற்றவில்லை. ஐந்தா எட்டா என்ற ஐயம் வரும்போது வரைபடம் கண்ணில் படுகிறது, கை எட்டுக்குப் போகிறது. என் கையும் போனது. முடித்த ஸ்டோரிகளை எண்ணினேன், வழக்கம்போல் ஏழு.

வெலாசிட்டியை மட்டும் வைத்துக் கணித்திருந்தால் இந்த 36 எங்களைப் பெரிதும் ஏமாற்றியிருக்கும். இந்த ஸ்பிரிண்டுக்கு எடுத்த ஏழு ஸ்டோரிகள் மட்டும் புதிய அளவுகோலில் ஊதியிருக்க, மீதமுள்ளவை நவம்பர் அளவுகோலிலேயே கிடக்கின்றன. வீங்கிய எண்ணால் வீங்காத எண்ணை வகுத்தால் தேதி முன்னால் வந்து சிரிக்கும். வெள்ளிக்கிழமை மொத்தங்களைக் கழித்தால் 17 என்று வருகிறது, பழைய 18க்குப் பக்கத்திலேயே. ஸ்டோரி முடியும்போது ஏறியதும் சேர்ந்தே போய்விடுவதால் இந்தக் கணக்கில் வீக்கம் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது.

இரவுப்பணி · 5 ஏப்ரல், பகல் 12.10

வரைபடத்தைக் கழற்றிவிட்டீர்களா?

தறிநாடா · 5 ஏப்ரல், பகல் 12.20

இல்லை. அதன்மேல் முடித்த ஸ்டோரிகளின் எண்ணிக்கையையும் பென்சிலால் எழுதிவைத்தேன். யாரும் இதுவரை கவனிக்கவில்லை.

தறிநாடா · 19 ஏப்ரல், மாலை 4.30

பன்னிரண்டாவது ஸ்பிரிண்ட் நேற்று முடிந்தது. நினைத்தபடியே விடுமுறை தின்றது: 17 முடித்து 6 வந்து, 11 மட்டும் குறைந்தது. மீதம் 159.

இதற்கிடையே வாடிக்கையாளரிடமிருந்து எதிர்பாராத செய்தி. அவர்களுடைய பழைய மென்பொருளின் உரிமம் ஜூலை நடுவில் முடிகிறதாம். ஆகஸ்ட் 22 உதவாது, ஜூலை 11 வேண்டும் என்கிறார்கள். எதை விட்டுக்கொடுப்பீர்கள் என்று கேட்டேன். உடைக்கப்படாத அந்த 40 பாயின்ட் அறிக்கைத் தொகுதியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளினார்கள். அது உடைந்தால் எவ்வளவு ஆகுமோ என்று இரவில் விழித்திருந்தவனுக்கு இது பெரிய வரம்.

மீதம் 119. பன்னிரண்டு ஸ்பிரிண்டின் வித்தியாசங்களையும் நிரலில் போட்டு ஓட்டினேன். ஜூலை 11க்கு உரிய ஆறு ஸ்பிரிண்டில் முடிவது 100இல் 25ஐ ஒட்டி. ஏழில் முடிவது 65ஐ ஒட்டி, எட்டில் 90.

ஆற்றுமணல் · 19 ஏப்ரல், மாலை 6.00

கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். தேதி கெட்டியாகிவிட்டபின் எத்தனை ஸ்பிரிண்ட் என்று கேட்பதில் பயனில்லை. ஆறு ஸ்பிரிண்டுகளை 10,000 முறை கூட்டிப் பாருங்கள்; 100இல் 85 முறை குறைந்தது எவ்வளவு குறைகிறது? அதற்கு மேல் பேக்லாக்கில் இருப்பது எதுவும் ஜூலை 11க்கு வராது என்று வைத்துக்கொள்ளலாம்.

தறிநாடா · 19 ஏப்ரல், இரவு 7.15

90 பாயின்ட்டை ஒட்டி வருகிறது. இன்னும் 28 அல்லது 29 வெளியே போக வேண்டும்.

கோப்புக்கட்டு · 19 ஏப்ரல், இரவு 8.00

புதியதாக எதையும் ஏற்கமாட்டோம் என்று கதவைச் சாத்தினால் எதையும் வெட்டாமலே ஆறில் முடிந்துவிடுமே. 119 தானே, உங்கள் வெலாசிட்டி 25.

தறிநாடா · 19 ஏப்ரல், இரவு 8.40

இந்த முறை நீங்கள் சொல்வதில் பொருள் இருக்கிறது. இரண்டு நாளாக நானும் அதைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன். கதவைச் சாத்தினால் வாடிக்கையாளர் பக்கத்து ஊற்று நிற்கும். எங்கள் பக்கத்து ஊற்று, அதாவது உடைக்கும்போது ஊதுவது, நிற்காது. ஆனால் பெரிய எபிக் எல்லாம் தீர்ந்துவிட்டதால் அதுவும் குறையலாம். எவ்வளவு குறையும் என்பதற்கு என்னிடம் எண் இல்லை, நம்பிக்கை மட்டுமே இருக்கிறது. பிப்ரவரியில் ஜூலை 11 என்று எழுதப் போனவனும் நம்பிக்கையோடுதான் போனான்.

தறிநாடா · 22 ஏப்ரல், காலை 9.05

இரண்டையும் கேட்டேன். புதிய கோரிக்கை ஒன்று உள்ளே வந்தால் அதே அளவுள்ள ஒன்று வெளியே போக வேண்டும் என்பதற்கு ஒப்புக்கொண்டார்கள். 28 பாயின்ட்டுக்கு உரிய ஒன்பது ஸ்டோரிகளின் பட்டியலையும் அனுப்பிவிட்டேன். முதலில் இருப்பது, இருப்புப் பட்டியலைப் பிடிஎஃப் கோப்பாக இறக்கும் வசதி. அதைக் கேட்டவர் அவர்களுடைய கிடங்குத் தலைவர் என்பது அனுப்பிய பிறகுதான் தெரிந்தது. வியாழக்கிழமை அவரோடு கூட்டம்.